இரண்டு புள்ளி போனது சரி, இரண்டாம் இடம் போனது தவறு

2020 டிசம்பரில் மெல்போர்னில் நடந்த டெஸ்டில் இந்தியாவிடம் தோற்ற ஆஸ்திரேலியா, குறித்த நேரத்துக்குள் இரண்டு ஓவர் குறைவாக வீசியது. அதற்காக உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியலில் அந்த அணிக்கு 4 புள்ளிகள் கழிக்கப்பட்டன. கேப்டன் டிம் பெய்ன் தவறை ஒப்புக்கொண்டதால் விசாரணைகூட நடக்கவில்லை. சில மாதம் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது. நியூசிலாந்து 600-க்கு 420 புள்ளிகள், அதாவது 70 சதவீதம். ஆஸ்திரேலியா 480-க்கு 332, அதாவது 69.2 சதவீதம். அந்த 4 புள்ளிகள் இருந்திருந்தால் ஆஸ்திரேலியாவும் சரியாக 70 சதவீதத்தில் நின்றிருக்கும். சமநிலையைத் தீர்க்கும் விக்கெட்டுக்கு ரன் விகிதத்தில் அந்த அணியே முன்னால் இருந்தது. ஆனால் இந்தியாவுடன் இறுதிப் போட்டி ஆடியது நியூசிலாந்துதான்.

ஐ.சி.சி. அளவில் நடப்பது நம் ஊர் லீக்குகளிலும் நடக்கிறது. புள்ளி கழிக்கப்பட்ட அணியின் கேப்டன் ஆட்சேபக் கடிதம் எழுதுவார், லீக் செயலாளர் பதில் எழுதுவார். பல பதில்கள் “கமிட்டியின் முடிவே இறுதியானது” என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரி சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு சரியா என்று அதைப் படிப்பவருக்குத் தெரியாது. நல்ல பதில் பட்டியலை மறுபடி போட்டுக் காட்டும். அது எப்படி என்று பார்க்க, விளக்கத்துக்காகவே அமைத்த ஒரு சிறிய லீக்கை எடுத்துக்கொள்வோம்.

அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற நான்குடன் ஒரு முறை 20 ஓவர் ஆட்டம் ஆடுகிறது. வெற்றிக்கு 2 புள்ளி. முதல் இரண்டு அணிகளுக்கு இறுதிப் போட்டி. மைதானத்தில் நடந்தபடி அ 8, ஆ 6, இ 4, ஈ 2, உ 0. உ அணியை வென்ற ஆட்டத்தில் ஆ அணி ஒரு புதிய பையனை இறக்கியது. அவனுடைய பதிவுப் படிவம் சனிக்கிழமை கொடுக்கப்பட்டது, ஆட்டம் ஞாயிறு, பட்டியலில் பெயர் ஏறியது திங்கள். கமிட்டி 2 புள்ளி கழித்தது. ஆ, இ இரண்டும் தலா 4 புள்ளியில் நிற்க, வெளியான பட்டியலில் நெட் ரன் ரேட்படி இ இரண்டாம் இடம் பிடித்தது.

ஆ அணி கேப்டன் மூன்று விஷயங்களை எழுதினார். படிவத்தை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட்டோம். பையன் அடித்தது 9 ரன்தான், அவன் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்போம். புள்ளியைக் கழிப்பதற்குப் பதில் அந்த ஆட்டத்தையே ரத்து செய்யுங்கள். கடைசியில் ஒரு வரி: எங்கள் ரன் ரேட்டும் குறைவாகத் தெரிகிறது, பாருங்கள்.

செயலாளரின் பதில் இப்படி அமைந்தால் அது முறையான பதில்:

“கேப்டன் அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. லீக் விதிப்படி, பதிவுப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் ஒருவர் ஆடலாம். படிவம் கொடுத்த நாள் கணக்கில் வராது. ஞாயிறன்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, அன்றைய பதிவுப் பட்டியலில் இல்லை. இரண்டின் நகலும் இணைத்துள்ளேன். அவர் எத்தனை ரன் எடுத்தார் என்பதை விதி பார்ப்பதில்லை. அந்த ஆட்டத்தில் பெற்ற புள்ளிகளைக் கழிக்க வேண்டும், ஆட்டத்தின் முடிவும் ரன்களும் அப்படியே நிற்கும் என்பதே விதி. ஆகவே 2 புள்ளி கழித்தது நிற்கிறது. ஆனால் ரன் ரேட்டைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. நாங்கள் வெளியிட்ட கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. திருத்திய கணக்கு கீழே.”

அந்த இரண்டு பிழைகளும் உள்ளூர் லீக்குகளில் வழக்கமாக வருபவை. நெட் ரன் ரேட் என்பது ஒரு அணி ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, அது ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்னைக் கழித்து வருவது. லீக் முழுவதும் எடுத்த ரன்களைக் கூட்டி, ஆடிய மொத்த ஓவர்களால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சராசரி எடுத்தால் வேறு எண் வரும்.

முதல் பிழை ஆல் அவுட் சம்பந்தப்பட்டது. ஆ அணி ஈ அணியை 16.2 ஓவரில் 118 ரன்னுக்குச் சுருட்டியது. எதிரணி ஆல் அவுட் ஆனால், அது முழு 20 ஓவரும் ஆடியதாகவே கணக்கிட வேண்டும். பத்து விக்கெட்டையும் சீக்கிரம் எடுத்த அணிக்கு அதனால் நஷ்டம் வரக் கூடாது என்பதற்கான விதி அது. பட்டியல் போட்டவர் 16.2 என்றே எழுதிவிட்டார். நன்றாகப் பந்து வீசிய அணி, ஓவருக்கு அதிக ரன் கொடுத்த அணியாக மாறிவிட்டது.

இரண்டாவது பிழை புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண். ஸ்கோர் ஷீட்டில் 17.4 என்றால் 17 ஓவர், 4 பந்து. ஒரு ஓவருக்கு ஆறு பந்து என்பதால் வகுக்கும்போது அது 17.667 ஆக வேண்டும். கணினியில் அப்படியே 17.4 என்று தட்டினால், அது பத்தில் நான்கு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். எக்செல் தாளில் A2 கட்டத்தில் ஸ்கோர் ஷீட் ஓவர் இருந்தால், அதைச் சரியான ஓவராக மாற்றும் சூத்திரம் இது:

```
=INT(A2)+(A2-INT(A2))*10/6
```

இப்போது ஆ அணியின் நான்கு ஆட்டங்கள். எடுத்த ரன்கள் 128, 132, 150, 113, மொத்தம் 523. ஆடிய ஓவர்கள் 20, 18.5, 20, 15.3. சரியாக மாற்றினால் மொத்தம் 74.333. ஓவருக்கு 7.036. கொடுத்த ரன்கள் 129, 131, 118, 112, மொத்தம் 490. வீசிய ஓவர்கள் 17.4, 20, ஆல் அவுட்டுக்கு 20, பிறகு 20. மொத்தம் 77.667. ஓவருக்கு 6.309. கழித்தால் +0.727. பழைய பட்டியலில் இருந்ததோ +0.429.

இ அணி 73.667 ஓவரில் 512 எடுத்து, 78.833 ஓவரில் 496 கொடுத்திருக்கிறது. அதன் சரியான ரேட் +0.658, பழைய பட்டியலில் +0.657. இ அணிக்குப் பந்துப் பிழை எடுத்த பக்கத்திலும் கொடுத்த பக்கத்திலும் கிட்டத்தட்ட சமமாக விழுந்து அடிபட்டுப் போனது. ஆ அணிக்கு அப்படி இல்லை. பந்துப் பிழை அதற்கு சுமார் 0.03 லாபம் தந்தது, ஆல் அவுட் பிழை அதைவிடப் பல மடங்கு நஷ்டம் தந்தது. செயலாளர் இரண்டையும் எழுத வேண்டும். கேட்டவருக்குச் சாதகமான பிழையை மட்டும் திருத்தினால், அந்தத் திருத்தமே அடுத்த தகராறுக்கு வித்தாகிவிடும்.

| இடம் | அணி | ஆட்டம் | வெற்றி | கழிவு | புள்ளி | பழைய ரேட் | திருத்திய ரேட் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | அ | 4 | 4 | – | 8 | – | – |
| 2 | ஆ | 4 | 3 | 2 | 4 | +0.429 | +0.727 |
| 3 | இ | 4 | 2 | – | 4 | +0.657 | +0.658 |
| 4 | ஈ | 4 | 1 | – | 2 | – | – |
| 5 | உ | 4 | 0 | – | 0 | – | – |

அ, ஈ, உ அணிகளின் இடம் புள்ளியிலேயே முடிந்துவிட்டதால் அவற்றின் ரேட்டை இங்கே விட்டிருக்கிறோம். உண்மையான பட்டியலில் அதுவும் இருக்க வேண்டும். ‘கழிவு’ என்ற தனிப் பத்தியைக் கவனியுங்கள். மூன்று வெற்றிக்கு ஏன் 4 புள்ளி என்று யாரும் கேட்காமலே அது பதில் சொல்லிவிடுகிறது.

கேப்டனின் மூன்றாவது கோரிக்கை இன்னும் இருக்கிறது: ஆட்டத்தையே ரத்து செய்வது. கேட்பதற்கு அது மென்மையான தண்டனை போலத் தெரியும். கணக்கு வேறு சொல்கிறது. உ அணியுடன் ஆடிய ஆட்டத்தை எடுத்துவிட்டால் ஆ அணிக்கு அப்போதும் 4 புள்ளிதான். ஆனால் எதிரணியை 112-ல் நிறுத்தி 15.3 ஓவரில் எட்டிப் பிடித்த அந்த ஆட்டம் போனதும், ரேட் +0.414 ஆக இறங்கி, இ அணிக்குக் கீழே போய்விடும். கேப்டன் கேட்டதைக் கொடுத்திருந்தால் அவர் இறுதிப் போட்டியை இழந்திருப்பார்.

நான்காவது வழியும் உண்டு. ஆட்டத்தின் வெற்றியையே எதிரணிக்குத் தருவது. அப்போது உ அணி 2 புள்ளி பெற்று ஈ அணியைத் தொட்டுவிடும். தவறு செய்தது ஒரு அணி, இடம் ஆடுவது இன்னொன்றுக்கு. 2003 உலகக் கோப்பையில் இது பெரிய அளவில் நடந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி இங்கிலாந்து ஹராரேயில் ஆட மறுத்தது. அந்த ஆட்டத்தின் 4 புள்ளிகளும் ஜிம்பாப்வேக்குப் போயின. பிரிவு முடிவில் ஜிம்பாப்வே 14, இங்கிலாந்து 12. ஜிம்பாப்வே சூப்பர் சிக்ஸுக்குச் சென்றது, இங்கிலாந்து வீடு திரும்பியது. அந்த 4 புள்ளிகளை யாருக்கும் தராமல் விட்டிருந்தால் ஜிம்பாப்வே 10-ல் நின்றிருக்கும். ஐ.சி.சி. போட்டிகளில், ஆட்டத்தை விட்டுக்கொடுத்த அணியின் ரன் ரேட்டில் அந்த முழு ஓவர்களையும் ரன் இல்லாமல் சேர்க்கும் விதியும் உண்டு. அதே விதியை ஆ அணிக்குப் போட்டால் அதன் ரேட் −1.354 ஆகிவிடும்.

அதனால்தான் லீக் தொடங்கும் முன்பே விதிப் புத்தகம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். கழித்த புள்ளி எதிரணிக்குப் போகுமா? ஆட்டத்தின் ரன்கள் ரேட்டில் நிற்குமா? பதிவு எந்த நொடியிலிருந்து செல்லும்? இவை எழுதப்படாமல் இருந்தால் செயலாளர் எதைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகவே முடியும். பட்டியல் தெரிந்த பிறகு விதி எழுதினால், எழுதுபவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆ அணி கேப்டனுக்கு எழுதிய பதிலை அவருக்கு மட்டும் அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்தது. அந்தக் கடிதத்தால் இடம் இழந்தவர் இ அணி கேப்டன். ஆட்சேபம் எழுப்பியதும் அவரல்ல, தவறு செய்ததும் அவரல்ல. ஆகவே விதி, இரண்டு பட்டியல்களின் நகல், ஓவர் ஓவராகப் போட்ட கணக்கு, மேல்முறையீடு செய்யக் கடைசி நாள், எல்லாம் அதே வடிவில் அன்றே அவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். கணக்கை அவரும் ஸ்கோர் ஷீட்டோடு வைத்துச் சரிபார்த்து, அதே +0.727-க்கும் +0.658-க்கும் வந்து சேர்ந்தால், அவருக்கு வருத்தம் இருக்கும், வழக்கு இருக்காது.