பெயருக்குக் கீழே ஒரு வரி

லிங்க்ட்இன்னில் யாருடைய பதிவுக்காவது நீங்கள் கருத்து எழுதினால், உங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி தெரியும். அதுதான் ஹெட்லைன். நீங்களாக எதுவும் எழுதாவிட்டால், பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் வைத்து அந்தத் தளமே அதை நிரப்பிவிடும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

திருப்பூரில் ஒரு கணக்காளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘சீனியர் அக்கவுண்டன்ட், இன்ன எக்ஸ்போர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்த ஊரில் அதே வரியைப் போடக்கூடியவர்கள் எத்தனையோ பேர். இவர் அன்றாடம் செய்வது என்ன என்று கேட்டால் கதை வேறு. வரி கட்டி ஏற்றுமதி செய்த சரக்குக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் வர வேண்டுமென்றால், கப்பல் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் தொகையும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஓர் எண் பிசகினாலும் பணம் நின்றுவிடும். அந்தப் பிசகைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதுதான் இவருடைய கை வேலை. முதலாளிகள் பதறிப்போய் இவரைக் கூப்பிடுவதும் அதற்குத்தான்.

ஆக, ஹெட்லைனும் அங்கிருந்தே வர வேண்டும்: ‘அக்கவுண்டன்ட் – பின்னலாடை ஏற்றுமதியாளர்களின் தேங்கிய ஜிஎஸ்டி ரீஃபண்டை மீட்டுத் தருகிறேன்.’ யாருக்கு, என்ன சிக்கலில், என்ன செய்கிறார் என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. பதவிப் பெயரை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆள் தேடுகிறவர்கள் தேடல் பெட்டியில் தட்டுவது ‘அக்கவுண்டன்ட்’ என்ற சொல்லைத்தான்; ‘ரீஃபண்ட் மீட்பர்’ என்று எவரும் தேடப்போவதில்லை.

ஹெட்லைனுக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. ஆனால் கருத்துப் பகுதியில் அதன் முன்பகுதி மட்டுமே தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். முக்கியமான சொற்கள் முதலில் வர வேண்டியது அதனால்தான். ‘ஆர்வமிக்க, கடின உழைப்பாளி, கனவு காண்பவன்’ என்று தொடங்குகிறவர்கள் தெரிகிற இடத்தையெல்லாம் இதற்கே செலவழித்துவிடுகிறார்கள். ‘நிறுவனங்கள் வளர உதவுகிறேன்’ என்பதும் அதே ரகம்தான். எந்த நிறுவனம், எதில் வளர?

மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘மீட்டுத் தருகிறேன்’ என்று படித்தால், வெளி வேலையும் பார்க்கிறாரோ என்று முதலாளி சந்தேகப்படலாம். அப்படிப்பட்டவர்கள் வினையை விட்டுவிட்டு, ‘அக்கவுண்டன்ட் – பின்னலாடை ஏற்றுமதி, ஜிஎஸ்டி ரீஃபண்ட்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். அதுவே போதும்.

எழுதி முடித்ததும் உங்கள் தொழில் தெரியாத நண்பர் ஒருவரிடம் காட்டி, “இந்த ஆளை யார், எதற்காகக் கூப்பிடுவார்கள்?” என்று கேளுங்கள். அவர் திணறினால் வரியைத் திருத்துங்கள். பிறகு யாருடைய பதிவிலாவது ஒரு கருத்து எழுதி, அது எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று செல்போனில் பார்த்துவிடுங்கள்.