தாத்தாவுக்கு மணவறையில் ஓர் இடம்

“தாத்தாவையும் மணவறையில சேர்த்துத் தாங்க.” லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பெண்வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்து, இறந்துபோன தாத்தாவுக்காக இப்படிக் கேட்டால், அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைப் படமாகத்தான் இருக்கும். இலங்கையில் அந்த அட்டை 1972இல் வந்தது. குடியுரிமை இல்லாத தோட்ட மக்களுக்கு அது கிடைக்கவில்லை. குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம்தான் வழிவிட்டது. அட்டைக்காக உட்கார்ந்த அந்த ஒரு தடவை தவிர தாத்தா கேமராவுக்கு முன்னால் போகாமலே இருந்திருக்கலாம்.

படம் இவ்வளவு சின்னதாயிருக்கிறதே என்று வீட்டார் கவலைப்படுவார்கள். அது பெரிய சிக்கல் இல்லை. 3.5 சென்டிமீட்டர் அகலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலம் சுமார் 830 பிக்சல் வரும். 18 அங்குல அகலத்தில் போடும் மணவறைப் படத்தில் ஒருவருடைய தலை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். அதற்கு 300 பிக்சல் போதும். சொரசொரப்பான தாளில் போட்ட படமென்றால் புள்ளி புள்ளியாக விழும். நேராக ஒரு தடவையும் தலைகீழாகத் திருப்பி ஒரு தடவையும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி தெரியும்படி வைத்தால் புள்ளிகள் பெருமளவு மறைந்துவிடும்.

சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. அட்டைப் படத்தில் முகம் நேரே பார்க்கும். வெளிச்சமும் முன்னாலிருந்து தட்டையாக விழும். மணவறையில் விளக்கு பக்கவாட்டில் நிற்கும். மற்ற எல்லோருக்கும் மூக்கு நிழல் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, தாத்தாவுக்கு மட்டும் நிழலே இருக்காது. வெட்டி ஒட்டியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். காலடி நிழலும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு வழி உண்டு. மணவறையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுக் குடும்பப் படம் எடுக்கலாம். பிறகு தாத்தாவின் உடல்வாகுள்ள உறவினர் ஒருவரை வேட்டி சட்டையோடு அதில் உட்காரவைத்து, கேமராவையும் விளக்கையும் அசைக்காமல் இன்னொரு படம் எடுக்கலாம். உடம்பும் கையும் நிழலும் நிஜமானவை. முகம் மட்டுமே மாறும். கறுப்பு வெள்ளை முகத்துக்கான நிறத்தை, அதே படத்தில் நிற்கும் மகனின் முகத்திலிருந்து எடுக்கலாம்.

கல்யாணம் முடிந்த பிறகு கேட்டால், ஆளாக நிறுத்துவதைவிடச் சட்டம் போட்ட படமாக மணவறையின் ஓரத்தில் வைப்பதே நல்லது. படத்துக்குள் இருக்கும் படத்தின் வெளிச்சம் வேறாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது. மாலை போட்ட படம் மணவறையில் வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையின் பிளாஸ்டிக்கை மட்டும் உரித்துவிடாதீர்கள். அதோடு முகமும் பிய்ந்து வரக்கூடும். அட்டையாகவே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோங்கள்.