ஒரே பென்சிலின், நான்கு விதமான ஒவ்வாமை

‘பென்சிலின் ஒவ்வாது’ என்று ஒரு நோயாளியின் சீட்டில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் முற்றிலும் வேறான நான்கு நிகழ்ச்சிகளில் எதுவும் இருக்கலாம். ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் அவர் மயங்கி விழுந்திருக்கலாம். இரண்டு வாரச் சிகிச்சைக்குள் இரத்த சோகை கண்டிருக்கலாம். ஒன்பதாம் நாள் காய்ச்சலும் மூட்டு வலியுமாகத் திரும்பி வந்திருக்கலாம். அல்லது அவர் மருந்தை உடம்பில் ஏற்றிக்கொள்ளாமல், பிறருக்கு ஊசி போட்டுப் போட்டே விரல்களில் அரிப்புப் புண் வந்த செவிலியராக இருக்கலாம். இந்த நான்கையும் நான்கு வகைகளாக முதலில் பிரித்தவர்கள் பிலிப் ஜெல், ராபின் கூம்ப்ஸ் என்ற இரு நோயெதிர்ப்பியலாளர்கள். 1963-இல் அவர்கள் வகுத்த பிரிவுதான் இன்றும் பாடநூல்களில் ‘மிகையுணர்வு வினைகள்’ என்ற பெயரில் இருக்கிறது. தேர்வில் கேள்வியாக வருவதும் அதுவே.

பென்சிலின் மிகச் சிறிய மூலக்கூறு. அவ்வளவு சிறியதை நோயெதிர்ப்பு மண்டலம் தனியாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பென்சிலினின் வளையம் உடலுக்குள் திறந்து, அருகில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு, தன் உடலின் புரதமே அந்நியப் பொருளாகத் தோன்றுகிறது. இப்படி ஒட்டிப் பகையைத் தூண்டும் சிறு மூலக்கூறுக்கு ஹாப்டன் என்று பெயர். அது எங்கே ஒட்டியது, அதை எதிர்க்கக் கிளம்பியது எது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் நான்கு வகையும் தாமாகவே பிரிந்துவிடும். மனப்பாடம் செய்வதைவிட இது எளிது, நம்பகமானதும்கூட.

முதல் வகையில் எதிர்ப்பது ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள். ஒருவர் முன்பு ஒருமுறை பென்சிலின் எடுத்திருக்கிறார். அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் அவர் உடல் ஐ.ஜி.இ. தயாரித்து, அதைத் தோலிலும் மூச்சுக்குழாயிலும் இரத்தக் குழாய்களை ஒட்டியும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் பதித்து வைத்துவிட்டது. அடுத்த முறை மருந்து ஏறியதும் ஒரே மருந்துத் துணுக்கு இரண்டு ஐ.ஜி.இ.களை இணைக்கிறது, மாஸ்ட் செல் தன் பொதியை அவிழ்த்து ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. சில நிமிடங்களில் உடம்பெல்லாம் காணாக்கடி தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இரையும், இரத்த அழுத்தம் சரியும். இதுதான் அனஃபைலாக்ஸிஸ். தாமதமின்றித் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் போட வேண்டும், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். அடுத்த ஓரிரு மணி நேரத்தில் எடுக்கும் இரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற நொதி உயர்ந்திருந்தால், மாஸ்ட் செல் வெடித்ததற்கு அது சாட்சி. வேர்க்கடலை ஒவ்வாமையும், தூசியால் வரும் தும்மலும் ஆஸ்துமாவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை அவ்வளவு ஆரவாரமாக வருவதில்லை. இதய வால்வில் கிருமித் தொற்று கண்ட ஒருவருக்கு அதிக அளவு பென்சிலின் நாளும் நரம்பு வழியே ஏறுகிறது. இரண்டாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 12-இலிருந்து 7-க்கு இறங்குகிறது. கண் லேசாக மஞ்சளாகிறது. தோலில் தடிப்பு இல்லை, மூட்டு வலி இல்லை, இரைப்பும் இல்லை. இங்கே மருந்து ஒட்டியிருப்பது சிவப்பணுக்களின் மேற்பரப்பில். ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் அந்த அணுவையே எதிரியாகக் கருதிப் பூசிக்கொள்ள, மண்ணீரலின் விழுங்கணுக்கள் அதைப் பிடித்து அழிக்கின்றன. சிவப்பணுவின் மேல் எதிர்ப்பொருள் பூசியிருப்பதைக் காட்டுவது நேரடிக் கூம்ப்ஸ் சோதனை. வகைகளைப் பிரித்த அதே ராபின் கூம்ப்ஸ் தம் தோழர்களோடு 1945-இல் வெளியிட்ட சோதனை அது. மருந்தை நிறுத்தினால் அழிவும் நிற்கும்.

இந்த நோயாளியிடம் பார்க்க வேண்டியது, தாக்குதல் ஒரே இடத்தோடு நின்றுவிட்டது என்பதை. இரண்டாம் வகையின் முத்திரையே அதுதான். இலக்கு அசையாமல் ஓர் அணுவிலோ திசுவிலோ பொருந்தியிருக்கிறது; எதிர்ப்பொருள் அதைத் தேடிப் போகிறது. ஆர்.ஹெச். பொருந்தாத தாயின் குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையும், நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியாவும், தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயும் இப்படிப்பட்டவை. கடைசி இரண்டில் அணு சாவதில்லை. ஏற்பியின் வேலைதான் கெடுகிறது. ஆனாலும் அவை இரண்டாம் வகையே.

நேரத்தை மட்டும் நம்புபவர்கள் தடுக்கி விழும் இடமும் இங்கே உண்டு. தவறான பிரிவு இரத்தம் ஏற்றப்பட்டவருக்கு நிமிடங்களில் காய்ச்சலும் முதுகு வலியும் சிவந்த சிறுநீருமாகக் காணும். நிமிடக் கணக்கு என்றதும் முதல் வகை என்று எழுதிவிடுவார்கள். ஏ, பி பிரிவுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவரிடம் ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் அந்த வேகம். அடி வாங்கியது சிவப்பணு. ஆகவே அது இரண்டாம் வகை.

மூன்றாம் வகையில் இலக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை, இரத்தத்தில் மிதக்கிறது. மருந்து ஒட்டிய புரதமும் அதற்கான எதிர்ப்பொருளும் இரத்த ஓட்டத்திலேயே கோத்துக்கொண்டு சிறு சிறு கொத்துகளாகின்றன. எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும் என்பதால், நோய் 7 முதல் 10 நாள் கழித்தே தலைகாட்டும். கொத்துகள் அழுத்தத்தோடு இரத்தம் வடியும் இடங்களில் போய்ப் படிகின்றன: சிறுநீரகத்தின் வடிகட்டி, மூட்டுச் சவ்வு, தோலின் சிறு குழாய்கள். படிந்த இடத்தில் நிரப்புப் புரதங்கள் செலவாவதால் இரத்தத்தில் சி3, சி4 அளவு குறையும்.

இதை அருகிலிருந்து பார்க்கப் பென்சிலினைவிடப் பாம்புக்கடி மருந்து பொருத்தம். அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் எதிர்ப்பொருள். மனித உடலுக்கு முழுவதும் அந்நியப் புரதம். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைக் கொண்டுதான் இந்த மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. வயலில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவர் மருந்து ஏற்றப்பட்டுப் பிழைத்து வீடு திரும்புகிறார். பத்தாம் நாள் காய்ச்சல், உடல் முழுவதும் காணாக்கடி, முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி, கழுத்தில் நெறிக்கட்டு, சிறுநீரில் புரதம் என்று மீண்டும் வருகிறார். காணாக்கடியைக் கண்டதும் முதல் வகை என்று முடிவுகட்டுவதுதான் மிகப் பழக்கமான தவறு. பத்து நாள் இடைவெளி, காய்ச்சல், ஒரே சமயத்தில் பல உறுப்புகள், குறைந்த சி3: இவை சீரம் நோயைக் காட்டுகின்றன. இந்த நோயைக் கிளெமென்ஸ் வான் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் 1905-லேயே விவரித்துவிட்டார்கள். அப்போது குற்றவாளி தொண்டை அடைப்பான் நோய்க்குத் தரப்பட்ட குதிரைச் சீரம்.

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் குழப்பவே சிறுநீரகக் கேள்விகள் அமைக்கப்படுகின்றன. எட்டு வயதுச் சிறுவனுக்குத் தொண்டைப் புண் வந்து ஆறி இரண்டு வாரமாகிறது. காலையில் இமை வீங்கியிருக்கிறது, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிரான கொத்துகள் சிறுநீரக வடிகட்டியில் படிந்ததன் விளைவு இது. ஒளிரும் சாயம் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால், ரவையைத் தூவியது போல் அங்கங்கே மணிமணியாக ஒளிரும், சி3 குறைந்திருக்கும். ஆக மூன்றாம் வகை. இளைஞர் ஒருவர் இருமலில் இரத்தமும் சிறுநீரில் இரத்தமுமாக வந்தால் கதை வேறு. குட்பாஸ்சர் நோயில் எதிர்ப்பொருள் நேராக வடிகட்டியின் அடிச்சவ்வையே பிடிப்பதால், அதே சாயம் கோடு இழுத்தது போல் ஒரே சீராக ஒளிரும். அது இரண்டாம் வகை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண், வேறொரு சிறுவனுக்கு வாதக் காய்ச்சலாகி இதயத்தைத் தாக்கினால் அது இரண்டாம் வகை. கிருமிக்காக உருவான எதிர்ப்பொருள் இதயத் திசுவைக் கிருமி என்று தவறாக எண்ணிப் பிடிக்கிறது. கிருமி ஒன்றுதான், வகை இரண்டு.

நான்காம் வகையில் எதிர்ப்பொருளே வேலை செய்வதில்லை. டி அணுக்கள் தாமே வந்து சேர வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். செவிலியரின் விரலில் பென்சிலின் ஒட்டியது தோலின் புரதத்தோடு. அங்கே திரண்டவை டி அணுக்கள். தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறிந்த உதாரணம் சேங்கொட்டை. சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட அதன் கறுப்புச் சாற்றைப் பயன்படுத்துவார்கள். சிலருக்குச் சட்டைக் கழுத்தில் குறி இருந்த அதே இடத்தில் பிடரியில் சிவந்து, கொப்புளம் கண்டு, அரிக்கும். புண்ணின் வடிவம் பட்ட பொருளின் வடிவத்தையே காட்டுவது தொடுதோல் அழற்சியின் அடையாளம். முதுகில் பொருளை ஒட்டி, 48 மணி நேரத்திலும் அதன் பிறகும் பார்க்கும் ஒட்டுச் சோதனை இதை உறுதிசெய்யும்.

காசநோய்க்கான மாண்டூ சோதனையும் நான்காம் வகையே. முன்கையின் தோலுக்குள் 0.1 மில்லி ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். அளப்பது சிவப்பை அல்ல, விரலால் தடவினால் தட்டுப்படும் கெட்டியான மேட்டின் அகலத்தை. அந்த மேடு டி அணுக்களும் விழுங்கணுக்களும் கூடிய கூட்டம். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் ஒன்றும் இங்கே இருக்கிறது: முதல் வகை நீரிழிவில் கணையத்தின் பீட்டா அணுக்களை அழிப்பவை டி அணுக்கள்; ஆகவே அது நான்காம் வகை மிகையுணர்வு.

பென்சிலின் போடுமுன் தோலில் செய்யும் சோதனை, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பது. அது ஐ.ஜி.இ. இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். முன்பு பென்சிலினால் சிவப்பணு அழிந்தவருக்கோ, தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தானவருக்கோ அந்தச் சோதனையில் தடிப்பு எழாமலே போகலாம். அவர்களுக்கு அதை நம்பி மீண்டும் பென்சிலின் கொடுக்கக் கூடாது.