லீசிங் எடுப்பது மூன்று வருடத்துக்கா, நான்குக்கா, ஐந்துக்கா?

வாகனத்துக்கு லீசிங் எடுக்கப் போகிறவரிடம் கம்பனி கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வருடத்துக்குப் போடுவம்?" என்பதுதான். பலர் மாதக் கட்டுப்பணம் எதில் குறைவோ அதைச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு சாரதி எப்படிக் கணக்குப் பார்த்தார் என்பதே இந்தக் கட்டுரை.

அவர் வவுனியாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவில் ஹயர் ஓடுபவர். ஓடுவது இன்னொருவரின் வான். சொந்தமாக வைத்திருந்த லொறி 2009இல் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. இப்போது மனைவியின் நகையை விற்று முற்பணம் சேர்த்திருக்கிறார். மீதி 30 இலட்சம் ரூபாவுக்கு லீசிங். விமான நிலையத்தில் பயணிக்காகக் காத்திருந்த ஓர் இரவில், கம்பனி எழுதிக் கொடுத்த துண்டை என்னிடம் காட்டினார். வருட வட்டி 14 வீதம், குறைந்துவரும் மீதிக்கு மட்டும். 3 வருடமென்றால் மாதம் 102,533 ரூபா, 4 வருடமென்றால் 81,979, 5 வருடமென்றால் 69,805.

மாதக் கட்டுப்பணத்தை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதிலிருந்து 30 இலட்சத்தைக் கழித்தால் வட்டி எவ்வளவு என்று தெரிந்துவிடும். 3 வருடத்துக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 91 ஆயிரம், 4 வருடத்துக்கு 9 இலட்சத்து 35 ஆயிரம், 5 வருடத்துக்கு 11 இலட்சத்து 88 ஆயிரம். இதை மட்டும் பார்த்தால் 3 வருடமே நல்லது என்று தோன்றும்.

"எல்லா மாசமும் ஒரே மாதிரி ஓடாது தம்பி" என்றார் அவர். வெளிநாட்டிலிருந்து சனம் வரும் ஆடி, ஆவணியில் ஓட்டம் நிறைய. ஐப்பசி, கார்த்திகை மழையில் வான் வாசலிலேயே நிற்கும். டீசல், சேர்விஸ், காப்புறுதி எல்லாம் போக, நல்ல மாதத்தில் 160,000 ரூபாவும் மெலிந்த மாதத்தில் 125,000 ரூபாவும் கிடைக்கும் என்பது அவருடைய கணிப்பு. வீட்டுச் செலவு 50,000. ஆகவே கட்டுவதற்கு மிஞ்சுவது நல்ல மாதத்தில் 110,000, மெலிந்த மாதத்தில் 75,000. வருடத்தில் 5 மாதம் மெலிந்தது என்று வைத்துக்கொண்டார்.

3 வருடத் தவணையில் ஒவ்வொரு மெலிந்த மாதமும் 27,500 ரூபா துண்டு விழும். 5 மாதத்துக்கு 137,500. நல்ல 7 மாதங்களிலும் மிஞ்சுவதோ ஏறத்தாழ 52,000தான். இந்தக் கணக்கு முதல் வருடத்திலேயே உடைந்துவிடும்.

4 வருடத்தில் மெலிந்த மாதத்துத் துண்டு 7,000 ரூபா, வருடத்துக்கு 35,000. நல்ல மாதங்களில் மிஞ்சுவது ஏறத்தாழ 196,000. துண்டு விழுவதை அடைத்துவிட்டு டயருக்கும் வருத்தத்துக்கும் கையில் ஏதோ இருக்கும். ஆனால் அந்த மிச்சத்தைத் தொடாமல் வேறாக வைத்திருக்க வேண்டும்.

5 வருடத்தில் எந்த மாதமும் துண்டு விழாது. அந்த நிம்மதிக்கு 4 வருடத்தைவிட இரண்டரை இலட்சம் ரூபா வட்டி கூட. கடனும் மெதுவாகவே குறையும். 2 வருடம் ஒழுங்காகக் கட்டி 16 இலட்சத்து 75 ஆயிரம் கொடுத்த பிறகும், முதலில் இன்னும் 20 இலட்சத்து 42 ஆயிரம் நிற்கும். ஆரம்ப மாதங்களில் கட்டுவதில் ஏறத்தாழப் பாதி வட்டிக்கே போகிறது.

அவர் 4 வருடத்தைத் தெரிந்தார். ஆனால் இரண்டு மாதக் கட்டுப்பணத்தைக் கையில் சேர்த்துக்கொண்டு, ஓட்டம் கூடும் ஆனியில்தான் கையெழுத்து வைப்பதாக முடிவெடுத்தார். முதல் தவணைகள் மழைக்காலத்தில் விழுந்தால், சேமிப்பு எதுவும் இல்லாமலே துண்டு விழத் தொடங்கிவிடும்.

இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. லீசிங் முடியும் வரை பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக இருப்பது கம்பனி. தவணைகள் தவறினால் தண்டப்பணம் ஏறும், பிறகு வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அத்தோடு நகை விற்ற முற்பணமும் போய்விடும். பிணை நின்ற உறவினரிடமும் மீதியைக் கேட்பார்கள்.

இன்னொரு கம்பனி அவரிடம் "8 வீதம்தான்" என்று சொல்லியிருந்தது. 5 வருடத்துக்கு மாதம் 70,000 ரூபா. அது முழு 30 இலட்சத்துக்கும் 5 வருடமும் மாறாமல் போடும் வட்டி. கட்டக் கட்ட முதல் குறைந்தாலும் வட்டி குறையாது. அதனால்தான் அந்த 8 வீதமும் முதல் கம்பனியின் 14 வீதமும் ஏறத்தாழ ஒரே கட்டுப்பணத்தில் வந்து நிற்கின்றன. வீதத்தை வீதத்தோடு ஒப்பிடாமல், ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு மொத்தமாக எவ்வளவு கட்டுகிறோம் என்பதை ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும்.

கையெழுத்துக்கு முன் இரண்டு விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு தவணை பிந்தினால் நாளுக்கு எவ்வளவு தண்டம்? இடையில் காசு கிடைத்து முழுவதையும் ஒரேயடியாகக் கட்டி முடித்தால், மீதி வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள்? இரண்டாவதற்கு நல்ல பதில் கிடைத்தால், வருமானம் நிச்சயமில்லாதவர் 5 வருடத்துக்கு எடுத்து முன்கூட்டியே முடிக்கலாம். கழிவு இல்லை என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது தவணைக் காலத்தைத் தீர்மானிக்க வேண்டியது மெலிந்த மாதத்துக் கணக்குத்தான்.