முதலில் மேல்முறையீடு, பிறகு ரிட் மனு: ஜி.எஸ்.டி. ஆணை வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஈரோட்டில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சரக்கு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டதில் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, 4 லட்சம் ரூபாய் வரியும் அதற்கு மேல் வட்டியும் அபராதமும் கட்டச் சொல்லி ஜி.எஸ்.டி. அதிகாரி ஆணை போட்டுவிட்டார். கடைக்காரருக்கு முதலில் தோன்றுவது, “நேராக ஹைகோர்ட்டுக்குப் போய் ரிட் போட்டுவிடலாம்” என்பதுதான். அங்கே போனதும் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, “மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறதே, ஏன் செய்யவில்லை?” என்பதாக இருக்கும். அதற்குத் தக்க பதில் இல்லையென்றால், மனு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் மிகப் பரந்தது. மாற்றுத் தீர்வு இருந்தால் மனுவை ஏற்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-வது திருத்தம் அப்படி ஒரு தடையைச் சேர்த்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆகவே இன்று இருப்பது சட்டத் தடை அல்ல, நீதிமன்றங்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. வரிச் சட்டம் ஓர் உரிமையைத் தந்து, அதைக் கேட்டுப் பெறும் முறையையும் கூடவே சொல்லியிருந்தால், முதலில் அந்த வழியில்தான் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஜி.எஸ்.டி.யில் அந்த வழி 107-வது பிரிவில் இருக்கிறது. ஆணை கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம் கிடைக்கும். அதற்கு மேல் நீட்டிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். வட்டியையும் அபராதத்தையும் விட்டுவிட்டு வரிக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்பதால், நம் கடைக்காரர் 4 லட்சம் முழுவதையும் மறுக்கிறார் என்றால் 40,000 ரூபாய் கட்டினால் போதும். கட்டிய பிறகு மீதித் தொகையின் வசூல் தானாகவே நின்றுவிடும். அதிகாரி பில்களையும் கணக்கையும் பிரித்துப் பார்த்து, ஆணையை உறுதிசெய்யலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். இவ்வளவும் கிடைப்பதால்தான் நீதிமன்றங்கள் இதைப் பயனுள்ள மாற்று வழி என்கின்றன.

அப்படியென்றால் ரிட் எப்போது? 1998-ல் வேர்ல்பூல் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிவிலக்குகளைத் தொகுத்துச் சொன்னது. அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டிருந்தால், இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால், ஆணை போட்டவருக்கு அதிகார வரம்பே இல்லையென்றால், சட்டம் செல்லுமா என்பதே கேள்வியானால், மாற்று வழி இருந்தாலும் ரிட் மனுவை ஏற்கலாம். 2021-ல் இமாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த ராதா கிரிஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு, ஜி.எஸ்.டி.யில் சொத்தைத் தற்காலிகமாக முடக்கியது பற்றியது. மாற்று வழி இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது தவறு என்று உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்து, இதே விதிகளை மறுபடியும் வரிசைப்படுத்தியது.

இந்த நான்குக்கும் பொதுவான ஒன்று உண்டு. “ஆணை தப்பு” என்பது மட்டும் போதாது. அது பிறந்த விதத்திலேயே பழுது இருக்க வேண்டும். நம் கடைக்காரர் நோட்டீசுக்குப் பதில் கொடுத்தார், பில்களைக் காட்டினார், நேரில் போய் விளக்கினார், அதிகாரி ஏற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குத் தகராறு. பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலையை ரிட் நீதிமன்றம் செய்யாது. இங்கே மேல்முறையீடுதான் வழி.

அதே கடைக்காரருக்கு நோட்டீஸ் இணையதளத்தில், கூடுதல் அறிவிப்புகளுக்கான தனிப் பக்கத்தில் மட்டும் ஏற்றப்பட்டு, அவர் கண்ணில் படாமலே போய், அவர் தரப்பைக் கேட்காமல் ஆணை வந்திருந்தால் கதை வேறு. பாதகமான முடிவு எடுக்க நினைத்தால், வரி கட்டுபவர் கேட்காவிட்டாலும் நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 75(4)-வது பிரிவு. இப்படிப்பட்ட பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லிருந்து ஆணைகளை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் பல தீர்ப்புகளில், வரியில் 10 சதவீதத்தையோ 25 சதவீதத்தையோ கட்ட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. ரிட்டில் வென்றால் வரியே போய்விடும் என்பது தவறான எண்ணம். கிடைப்பது இன்னொரு விசாரணைதான். பில்களோடு அதே அதிகாரி முன் மறுபடியும் நிற்க வேண்டும்.

அதிகார வரம்புக்கும் ஓர் உதாரணம் உண்டு. ஒரே விஷயத்தில் மாநில அதிகாரி ஏற்கெனவே நடவடிக்கை தொடங்கியிருந்தால், மத்திய அதிகாரி அதையே மறுபடி தொடங்கக் கூடாது என்கிறது 6(2)(b) பிரிவு. அப்படி நடந்தால், அவருக்கு அதைச் செய்ய அதிகாரமே இல்லை என்று வாதிடலாம். சட்டப் பிரிவே செல்லாது என்ற வாதத்துக்கும் உயர் நீதிமன்றம்தான் இடம். அந்தச் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கும் மேல்முறையீட்டு அதிகாரி அதை ரத்து செய்ய முடியாது.

பலரும் விழும் குழி காலக்கெடு. ஆணை 2025 மார்ச் 10-ல் கிடைத்தது என்றால், ஜூன் 10-க்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஜூலை 10 வரை. அதையும் விட்டுவிட்டு ஆகஸ்டில் ரிட் போட்டு, “இப்போது எனக்கு வேறு வழியில்லை” என்றால் எடுபடுமா? 2020-ல் கிளாக்சோ நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆந்திர வாட் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கான கடைசி நாளையும் தவறவிட்ட பிறகு அந்த நிறுவனம் ரிட் போட்டிருந்தது. சட்டம் வகுத்த உச்ச வரம்பை ரிட் வழியாகத் தாண்ட முடியாது என்றது நீதிமன்றம். வழியை நாமே அடைத்துவிட்டு, அடைபட்டிருக்கிறது என்று முறையிட முடியாது.

வங்கிக் கடனிலும் இதே விதிதான். சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதை விட்டு உயர் நீதிமன்றம் வருபவர்களின் மனுவை ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று 2010-ல் சத்யவதி டாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் சொன்னது.

ஆகவே ஆணை கையில் வந்ததும், அது கிடைத்த தேதியை முதலில் எழுதி வையுங்கள். அன்றே வழக்கறிஞரிடம் இதைக் கேளுங்கள்: “என் குறை கணக்கிலா, ஆணை போட்ட முறையிலா?” கணக்கில் என்றால் முன்பணத்தைத் திரட்டி மேல்முறையீடு செய்யுங்கள். முறையில் என்றால், எனக்கு நோட்டீஸ் வரவில்லை, விசாரணைக்கு அழைக்கவில்லை என்பதை ஆவணத்தோடு காட்டி, 3 மாதம் முடியும் முன்பே ரிட் போடுங்கள். அப்படிச் செய்தால் மனு தள்ளுபடியானாலும் மேல்முறையீட்டுக்கு நாள் மிச்சமிருக்கலாம். அந்த மனுவிலேயே, தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்ய அவகாசம் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்றம் அதைத் தரலாம், தராமலும் போகலாம். ஆனால் கடைசி நாள் கடந்த பிறகு கேட்டால் கிடைப்பது மிக அரிது.