தலை தரையைத் தொடும் அந்த நொடி

அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்து 22 நாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்த குழந்தையை அவள் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் கிடத்தினார். பின்னந்தலை துணியைத் தொட்டதுதான் தாமதம், இரண்டு கையும் விரிந்து, விரலெல்லாம் மலர்ந்து, உடனே எதையோ கட்டிப்பிடிப்பது போல உள்ளே வந்தன. அடுத்தது வீல் என்று ஒரு அழுகை.

"பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சு. கதவை யாரு சாத்துனது?" என்றார் அக்கா. யாரும் சாத்தவில்லை.

சத்தம்தான் குழந்தையை எழுப்புகிறது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சத்தத்துக்கும் குழந்தை அதிரும், உண்மைதான். ஆனால் கை விரிந்து மூடும் இந்த அசைவை அதிகம் கிளப்பிவிடுவது, கழுத்து ஆதாரமில்லாமல் தலை கொஞ்சம் பின்னால் சரிவது. ஒரு அங்குலச் சரிவே போதும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918-ல் இதை விவரித்து எழுதினார். குழந்தையின் தலைக்கு இருபுறமும் தலையணையைத் தட்டிப் பார்த்துத்தான் அவர் இதைச் சோதித்தார். அவர் வைத்த பெயருக்கு 'கட்டிப்பிடிக்கும் அனிச்சை' என்று பொருள். இன்று டாக்டர்கள் 'மோரோ ரிஃப்ளெக்ஸ்' என்கிறார்கள்.

உள்காதில் உடம்பின் சாய்வை உணரும் ஒரு பகுதி இருக்கிறது. தலை சரிந்ததும் அது 'விழுகிறோம்' என்று மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகிறது. யோசிக்கும் மேல்மூளை வரை விஷயம் போவதில்லை. கைகள் தானாக விரிகின்றன. பெரியவர்களானால் மேல்மூளை இதை அடக்கிவிடும். பச்சிளங்குழந்தைக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்து சேரவில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல் குறையத் தொடங்கி, ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும்.

சரி, அசைந்தால் அசையட்டும், விழிப்பு ஏன் வருகிறது? நாம் படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுகிறோம். பிறந்த குழந்தையோ கண் உருள, உதடு துடிக்க, மூச்சு ஏறி இறங்க, மேலோட்டமான தூக்கத்தில்தான் முதலில் இறங்குகிறது. அந்த நேரத்தில் தன் கையே வீசியடித்தால் எழுந்துவிடாதா? அதனால் தோளில் கண் மூடியதும் கிடத்தாமல், மூச்சு சீராகி, கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழும் வரை பொறுத்திருப்பது நல்லது. கிடத்தும்போது முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. தலைக்கு அடியில் உள்ள கையைச் சட்டென்று உருவாமல், இன்னொரு கையை நெஞ்சின்மேல் லேசாக வைத்துக் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்.

தூளியில் தூங்கும் குழந்தை ஏன் இவ்வளவு அதிர்வதில்லை என்பதும் இதில் புரியும். சேலை இருபுறமும் அணைத்துக்கொள்கிறது, கை வீச இடமில்லை. ஆனால் தூளியில் தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சுக்கு இடைஞ்சல். மல்லாக்கக் கிடத்தும் சமதளமான படுக்கையே பாதுகாப்பு. துணியில் சுற்றுவதானால் கை அடங்கினால் போதும், இடுப்பும் காலும் மடங்கி அசைய வேண்டும். குழந்தை புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

அக்காவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. குழந்தை இரண்டு கையையும் தலைக்கு இருபுறமும் உயர்த்தி, முழங்கை மடித்து, சரணடைந்தவன் மாதிரி தூங்கியது. "கையை இறக்கிவிடு, வலிக்கும்" என்றார். வலிக்காது. கருப்பையில் மடங்கிக் கிடந்த கைக்கு மடக்கும் தசைகளில்தான் இறுக்கம் அதிகம். மல்லாக்கப் படுக்கும்போது மடங்கிய கை அப்படியே தலைப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். இறக்கிவிடப் போனால்தான் குழந்தை எழும்.

கை மேலே இருக்கிறதா என்பதைவிட, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். அதிரும்போது ஒரு கை மட்டும் விரிந்து மற்றது பேசாமல் கிடந்தால், பிரசவத்தில் தோள் சிக்கி நரம்பு இழுபட்டிருக்கலாம், காறை எலும்பு முறிந்திருக்கலாம். இரண்டு கையுமே விரியவில்லை என்றாலும், ஆறு மாதம் தாண்டியும் இது நீடித்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். சில மாதம் ஆன குழந்தை தூங்கி எழும் நேரத்தில், எந்தத் தூண்டுதலும் இல்லாமல், சில நொடிக்கு ஒரு தரம் வரிசையாக வெட்டி வெட்டி இழுத்தால் அது வேறு விஷயம். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றே ஓட வேண்டும், அது ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும்.

நான்கு மணிக்கு மறுபடி பால் குடித்துத் தூங்கியது. இந்தமுறை அப்பா பிட்டத்தை முதலில் இறக்கினார், தலையைக் கடைசியில். விரல்கள் ஒருதரம் மலர்ந்தன. நெஞ்சின்மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. விரல்கள் மெல்ல மடங்கின. கையோ மேலேயேதான் கிடந்தது, அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.