நாற்காலிக்கு மணிக்கு எவ்வளவு?

சென்னையில் ஓட்டலில் காபி குடிக்கிறவருக்குப் பத்து நிமிடம்தான் கணக்கு. டம்ளர் காலியானதும் "வேற ஏதாவது வேணுமா சார்?" என்று சர்வர் கேட்டால், எழுந்திருக்கச் சொல்கிறார் என்று பொருள். அதே ஊரில் நுங்கம்பாக்கத்திலோ அண்ணா நகரிலோ ஒரு கஃபேக்குப் போனால் காபி 180 ரூபாய் இருக்கும். ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கூடுதல் பணம் காபிக்கு மட்டுமல்ல, நாற்காலிக்கும் சேர்த்துத்தான். லேப்டாப்போடு போகிறவர்களும் கூட்டமாக அரட்டைக்குப் போகிறவர்களும் மெனு விலையைப் பார்ப்பதை விட, ஒரு மணி நேரம் உட்கார எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

சில கஃபேக்களில் 'மினிமம் பில்' என்று ஒரு தொகை உண்டு. அதைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். நாலு பேர் மேஜையை ஒருவர் ஒரே காபியோடு மதியம் முழுக்கப் பிடித்துக்கொண்டால் கடை வாடகையைக் கூட எடுக்க முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. அது எப்போதும் நஷ்டமும் இல்லை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். முதல் கஃபேயில் மினிமம் கிடையாது. 180 ரூபாய்க்குக் காபி. நாலு மணி நேரம் இருந்தால் கூச்சத்துக்காகவாவது 280 ரூபாய்க்கு ஒரு சாண்ட்விச் சொல்வோம். 5 சதவீத ஜிஎஸ்டியோடு 483 ரூபாய். மணிக்கு ஏறக்குறைய 120. இரண்டாவது கஃபேயில் ஆளுக்கு 400 ரூபாய் மினிமம், அதற்கு என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம். வரியோடு 420, மணிக்கு 105. நாலு மணி நேர வேலைக்கு மினிமம் உள்ள கடையே மலிவு. இதுவே இரண்டு மணி நேரம்தான் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே மணிக்கு 210; முதல் கடையில் ஒரு காபியோடு 95க்குள் முடிந்துவிடும்.

எனவே உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும். மினிமம் ஆளுக்கா, மேஜைக்கா? வரி அதற்குள் அடக்கமா? எத்தனை மணி நேரத்துக்கு? முழுத் தொகைக்கும் சாப்பிடலாமா, இல்லை அதில் ஒரு பகுதி வெறும் இடக்கட்டணமா? நண்பர்கள் கூட்டத்துக்கு முதல் கேள்வியே முக்கியம். நாலு பேர் சேர்ந்து இரண்டு தட்டு பிரெஞ்சு ஃபிரைஸைப் பகிர்கிற வழக்கம் நமக்கு. ஆளுக்கு 400 என்றால் வேண்டாததையெல்லாம் ஆர்டர் செய்து 1,600 ரூபாயை நிரப்ப வேண்டியிருக்கும்.

இருக்கையில் ஏமாற்றுவது சோபா. படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அதன் முன்னால் முழங்கால் உயர டீபாய்தான் இருக்கும். அதில் லேப்டாப்பை வைத்துக் குனிந்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும். வேலைக்குச் சாப்பாட்டு மேஜை உயரம், அதாவது சுமார் 75 சென்டிமீட்டர், வேண்டும். நாற்காலிக்கு முதுகுச் சாய்வும் வேண்டும். அரட்டைக்கோ சோபாவே சுகம். காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேஜை இரண்டுக்கும் ஆகாது.

பிளக் பாயின்ட் இருந்தால் மட்டும் போதாது, போனைச் சொருகி சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும். ஏசியும் பிளக்கும் அதில் இருக்குமா என்பது கடைக்குக் கடை மாறும். வைஃபை சில இடங்களில் ஓடிபி போட்டுத்தான் கிடைக்கும், ஒரு மணி நேரத்தில் அறுந்தும் விடும். மீட்டிங் இருக்கிற நாளில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்புவதே மேல். அதற்கும் அந்த மூலையில் சிக்னல் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் கடைகளில் இதுதான் தகராறு.

நேரமும் ஒரு விலைதான். வார நாளில் காலை 11 மணிக்கு யாரும் கண்டுகொள்ளாத ஒற்றை ஆள், ஞாயிறு மாலை 6 மணிக்கு இடைஞ்சல். வெளியே ஆள் காத்திருக்க, நீங்கள் கேட்காமலே பில் மேஜைக்கு வந்தால் விஷயம் புரிந்திருக்கும்.

அந்தப் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடுங்கள் என்று தயங்காமல் கேட்கலாம். ஜிஎஸ்டி வேறு, அது வரி. கட்டித்தான் ஆக வேண்டும்.

பேச வேண்டிய வேலையே இல்லை, படிப்பும் எழுத்தும்தான் என்றால் கஃபேயே தேவையில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. நாற்காலிக்கு வாடகை கிடையாது.